பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ்: வாசகத்தை எந்த வரிசையில் எழுதுவது? சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

தேக்காவில் ஒரு அச்சுக்கடையில் அழைப்பிதழ் வாசகங்களைத் திருத்திக் கொடுக்கும் வேலை எனக்கு. கல்யாண அட்டைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் எல்லாம் முடிவு செய்துகொண்டு வருவார்கள். மகளின் சடங்கு அட்டைக்கு வருகிறவர்கள் அப்படியில்லை. கைப்பேசியில் யாரோ அனுப்பிய பழைய அட்டையின் படத்தைக் காட்டி, “பேரை மட்டும் மாத்திக் குடுங்கம்மா” என்பார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பம். அந்தப் பழைய அட்டையில் அந்தக் குடும்பத்து முறை இருக்கும், உங்கள் முறை இருக்காது. பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டாத இரண்டு மூன்று விஷயங்களும் அதில் இருக்கும்.

கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். வாசகத்தை எழுதுவது ஐந்தாவது படியில்தான் வருகிறது. முதல் நான்கையும் முடிக்காமல் எழுத உட்கார்ந்தால் அட்டையை மூன்று தடவை மாற்ற வேண்டியிருக்கும்.

1. முதலில் மகளிடம் கேளுங்கள்

மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கும் முன்னால் செய்ய வேண்டியது இது. அவளுக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயதுதான் இருக்கும். ஆனாலும் அட்டையில் வரப்போவது அவள் பெயர்.

மூன்று கேள்விகள் போதும். அட்டையில் உன் படம் வேண்டுமா? உன் வகுப்பில் யாருக்காவது அட்டை போகலாமா? வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா, தாளில் மட்டும் போதுமா?

ஒரு தடவை ஒரு அம்மா மகளையும் கடைக்கு அழைத்து வந்திருந்தார். பாவாடை தாவணியில், தலையில் ஜடை அலங்காரத்தோடு அவள் நிற்கும் படத்தை அட்டை முழுக்கப் போட்டு மாதிரி தயாராக இருந்தது. அந்தப் பெண் திரையைப் பார்த்துவிட்டு மெதுவாக, “இது ஸ்கூல் குரூப்புக்குப் போகுமா?” என்று கேட்டாள். அம்மா பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, “படத்தை எடுத்திடுங்க” என்றார். அதே படத்தை மண்டப வாசலில் பதாகையாக வைத்தார்கள், அதற்கு அவள் மறுக்கவில்லை. அங்கே பார்க்கிறவர்கள் அழைத்து வந்தவர்கள் மட்டுமே. வாட்ஸ்அப்பில் போனது எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

2. விழாவுக்கு ஒரே பெயர் வைத்துக்கொள்ளுங்கள்

வீட்டுப் பேச்சில் சடங்கு, சடங்கு சுற்றுவது, மஞ்சத்தண்ணி, சீர் என்று பலவிதமாகச் சொல்வோம். இலங்கைத் தமிழ்க் குடும்பங்களில் சாமத்திய வீடு என்பார்கள். அட்டையில் ஒரு பெயர்தான் இருக்க வேண்டும், தலைப்பிலும் உள்ளேயும் அதே பெயர்.

பூப்புனித நீராட்டு விழா என்பது இங்கே எல்லாருக்கும் பழகிய பெயர். மஞ்சள் நீராட்டு விழா என்பதும் நல்ல பெயர்தான், இன்னும் கொஞ்சம் அடக்கமாகக்கூட ஒலிக்கும். ஆனால் கோயில் திருவிழாவின் கடைசி நாளிலும் மஞ்சள் நீராட்டு உண்டு. தலைப்பை மட்டும் படிக்கிறவருக்கு ஒரு கணம் குழப்பம் வரும், மகள் பெயர் பக்கத்தில் இருந்தால் தீர்ந்துவிடும். ருது என்ற சொல்லை நான் அட்டையில் போடுவதில்லை. ஜாதகக் குறிப்புக்கு அது சரி. அழைப்பில் அது விழாவை விட்டுவிட்டு உடலைச் சொல்கிறது.

பெயர் முடிவானதும் இதைக் கவனியுங்கள், எல்லாவற்றிலும் முக்கியமான திருத்தம் இதுதான். வாக்கியத்தின் எழுவாயாக விழா இருக்கட்டும், பெண் வேண்டாம். பழைய அட்டைகளில் இப்படி வரும்:

“எங்கள் அருமை மகள் செல்வி … அவர்கள் பூப்பெய்தியதை முன்னிட்டு நடைபெறும் விழாவிற்கு…”

இதை இப்படி மாற்றுங்கள்:

“எங்கள் மகள் செல்வி … அவர்களின் பூப்புனித நீராட்டு விழா நடைபெறும்.”

முதல் வாக்கியம் ஒரு செய்தியை அறிவிக்கிறது. படிக்கிறவர் மனம் உடனே “எப்போது?” என்று கணக்குப் போடும். இங்கே அது இன்னும் சங்கடம். முதல் தண்ணீரை வீட்டில் அப்போதே ஊற்றிவிட்டு, பள்ளி விடுமுறையும் மண்டபமும் ஒத்துவருகிற வரை ஐந்து மாதம், எட்டு மாதம் காத்திருந்து விழா வைக்கிற குடும்பங்கள்தான் அதிகம். இரண்டாவது வாக்கியம் அழைப்பை மட்டும் சொல்லும். தகவல் ஒன்றும் குறைவதில்லை, விழாவின் பெயரிலேயே எல்லாம் அடங்கிவிட்டது.

அதே காரணத்துக்காக நாள், நேரம், நட்சத்திரம் என்று அவள் வயதுக்கு வந்த குறிப்பு எதுவும் அட்டையில் வேண்டாம். அது ஜோசியரிடம் கொடுக்கிற தாளில் இருக்கட்டும். அவள் வயது, படிக்கும் வகுப்பு, பள்ளிப் பெயர் இவையும் வேண்டாம்.

பெயருக்கு முன்னால் ‘செல்வி’ போதும். ‘திருநிறைச்செல்வி’ என்று போட்டால் அட்டையைக் கையில் வாங்குகிறவர் கல்யாணம் என்று நினைத்து மாப்பிள்ளை பெயரைத் தேடுகிறார். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

3. உறவுமுறைப் பெயர்களைத் தாளில் எழுதி, இரண்டு பக்கமும் காட்டுங்கள்

சடங்கு அட்டையில் சண்டை வருவது பெரும்பாலும் தாய்மாமன் வரியில்தான். மாலையும் சீரும் அவர் கையிலிருந்து வருகின்றன. அவர் பெயரைக் கடைசியில், பெயர்ப் பட்டியலோடு பட்டியலாகப் போட்டுவிட்டு, “அதான் இருக்கே” என்றால் எடுபடாது. பெற்றோர் பெயருக்கு அடுத்து, தனித் தலைப்பில், ‘தாய்மாமன் சீர்’ என்று போட்டு அவர் பெயர் வர வேண்டும்.

ஒருவருக்கு மேல் இருந்தால் வயது வரிசை. வசதி வரிசையோ, யார் எவ்வளவு செய்கிறார் என்ற வரிசையோ கிடையாது. தம்பதியாகச் சீர் கொண்டு வருவதால் மாமாவின் பெயரோடு அத்தையின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

அம்மாவுடன் பிறந்த ஆண் இல்லை என்றால், பெரியப்பா சித்தப்பா மகனோ, பெரியம்மா சின்னம்மா மகனோ அந்த முறையைச் செய்வார். அப்போது ‘தாய்மாமன் முறை’ என்று போட்டால் போதும். அந்த ஒரு சொல் சேர்ந்தால் யாரும் “இவர் எப்ப கூடப்பிறந்தார்?” என்று கேட்க மாட்டார்கள்.

அப்பா இல்லாத வீடு, அல்லது பெற்றோர் பிரிந்த வீடு என்றால் அட்டையைச் சுற்றி நிறைய ஆலோசனை வரும். கணவரை இழந்த அம்மாவின் பெயரைக் கீழே தள்ளி, பெரியப்பா பெயரில் அழைக்கச் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. மகளை வளர்த்தவர் அழைக்கட்டும். அவர் பெயர் மேலே, அடுத்த வரியில் தாய்மாமன். பார்க்கிறவர்களுக்கு அதுவே முறையாகத்தான் தெரியும். மறைந்த தாத்தா பாட்டி பெயருக்கு முன்னால் ‘தெய்வத்திரு’ போடலாம். நல்ல காரியத்துக்கு அந்தச் சொல் வேண்டாம் என்று வீட்டில் நினைத்தால், ‘இன்னாரின் பேத்தி’ என்று மட்டும் எழுதினால் அடைமொழியே தேவைப்படாது.

இப்போது இந்தப் பெயர்களை மட்டும் ஒரு தாளில் எழுதி இரு தரப்புப் பெரியவர்களுக்கும் அனுப்புங்கள். முழு வாசகத்தை அனுப்பாதீர்கள். முழுதாக அனுப்பினால் ஆளுக்கொரு அடைமொழி சேர்ப்பார்கள். பெயரை மட்டும் அனுப்பினால் முன்னெழுத்து, எழுத்துப்பிழை, விட்டுப்போனவர் இவற்றை மட்டும் பார்ப்பார்கள்.

4. நேரம்: இந்தியக் காலண்டரை அப்படியே எடுக்காதீர்கள்

இங்கே பிறந்து வளர்ந்தவர்கள்கூடத் தவறுகிற இடம் இது, அதனால் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

திதியும் நட்சத்திரமும் வானத்தில் நடப்பவை. அவை மாறும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றுதான், கடிகாரம்தான் வேறு. இந்திய நேரத்தைவிட சிங்கப்பூர் நேரம் இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. ஆக, ஊர்ப் பஞ்சாங்கத்தில் ‘காலை 9.30 வரை பூரம், பிறகு உத்திரம்’ என்று இருந்தால் நமக்கு அது பகல் 12.00 வரை பூரம். அட்டையில் உத்திரம் என்று அடித்துவிட்டு 10.30க்கு நலங்கு வைத்தால் நட்சத்திரம் தவறாகிவிடும்.

ராகு காலம் அப்படியில்லை. அது அந்தந்த ஊரின் சூரிய உதயத்திலிருந்து பகலை எட்டாகப் பங்கிட்டு வருவது. காலண்டரில் ஞாயிறு 4.30 முதல் 6.00 என்று இருப்பது காலை 6 மணிக்கு உதயம் என்று வைத்துக்கொண்ட கணக்கு. சிங்கப்பூரில் ஆண்டு முழுக்க சூரியன் ஏறக்குறைய 7 மணிக்குத்தான் எழுகிறது. அதனால் இங்கே இரண்டரை மணியைக் கூட்டக் கூடாது, சுமார் ஒரு மணியைத்தான் கூட்ட வேண்டும்.

ஒரு குடும்பத்தின் கணக்கை எடுத்துக்கொள்வோம். 2026 ஜூன் 21, ஞாயிறு. பள்ளி விடுமுறை, வளர்பிறை, ஆனி மாதம். மாலை 6.30க்கு விழா வைக்க நினைத்தார்கள். “ராகு காலம் ஆறு மணிக்கே முடிஞ்சிடுதே” என்றார் அப்பா. அன்று இங்கே உதயம் 7 மணி, மறைவு 7 மணி 10 நிமிடத்தைத் தாண்டி. பகலின் கடைசி எட்டில் ஒரு பங்கு என்றால் ஏறக்குறைய மாலை 5.40 முதல் 7.10 வரை. அவர்கள் சொன்ன 6.30 அதன் நட்டநடுவில் விழுகிறது.

சடங்கு நடத்துகிற ஐயரிடம் நேரே கேளுங்கள்: “காலண்டர்ல இருக்கிற நேரத்தைப் பார்க்கிறீங்களா, உள்ளூர் உதயத்தைப் பார்க்கிறீங்களா?” இருவகை வழக்கமும் உண்டு. அவர் எதைச் சொல்கிறாரோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குடும்பத்தின் ஐயர் உள்ளூர் உதயம் என்றார், விழா காலைக்கு மாறியது. அன்று எமகண்டமும் அதே கணக்கில் பகல் 1 மணிக்குப் பிறகுதான் தொடங்குகிறது. 10.30 முதல் 12.00 வரை தாராளமாக நேரம் கிடைத்தது.

யோகம், கரணம், லக்னம் எல்லாம் அட்டையில் வேண்டுமா என்றால், என் எண்ணம் வேண்டாம் என்பதே. வருடம், மாதம், தேதி, கிழமை போதும். பெரியவர்கள் விரும்பினால் திதியையும் நட்சத்திரத்தையும் சேர்க்கலாம், சிங்கப்பூர் நேரத்துக்குப் பார்த்த பிறகு. எத்தனை சேர்க்கிறோமோ அத்தனை பிழைக்கு இடம்.

இன்னொன்று, ‘10.30 மணிக்கு மேல் 12.00 மணிக்குள்’ என்பது முகூர்த்த வழக்கு. அதை மட்டும் போட்டால் விருந்தாளி 11.45க்கு வருவார், அவர்மேல் தப்பில்லை. நிகழ்ச்சிகளைப் பிரித்து நேரம் போடுங்கள். சீர் வரிசை ஒரு நேரம், நலங்கு ஒரு நேரம், விருந்து ஒரு நேரம். இந்தக் குடும்பத்தில் மூத்த மாமா ஜொகூர் பாருவிலிருந்து வர வேண்டும். விடுமுறை ஞாயிற்றுக்கிழமை கடற்பாலத்தைக் கடப்பது என்னவென்று உங்களுக்கே தெரியும். அவரை முதல் நாளே வந்து தங்கச் சொன்னார்கள், சீர் நேரத்தை 10.00 என்று போட்டார்கள். நலங்குக்கு முன் அரை மணி இடைவெளி கிடைத்தது.

5. இப்போது எழுதுங்கள்

மேலே எடுத்த முடிவுகள் எல்லாம் சேர்ந்தால் வாசகம் தானாக வந்துவிடும். அந்தக் குடும்பத்துக்கு நான் எழுதிக் கொடுத்தது இது. பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

உ
(குலதெய்வத்தின் பெயர்) துணை

பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ்

அன்புடையீர், வணக்கம்.

நிகழும் பராபவ வருடம் ஆனி மாதம் 7ஆம் நாள் (21.06.2026) ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் மகள்

செல்வி (மகள் பெயர்)

அவர்களின் பூப்புனித நீராட்டு விழா கீழ்க்காணும் மண்டபத்தில் நடைபெறும். தாங்கள் குடும்பத்துடன் வந்திருந்து எங்கள் மகளை வாழ்த்துமாறு அன்புடன் அழைக்கிறோம்.

தாய்மாமன் சீர் வரிசை: காலை 10.00 மணி
நலங்கு: காலை 10.30 மணி
சைவ விருந்து: நண்பகல் 12.00 மணி முதல்

தங்கள் அன்புள்ள,
(தந்தை பெயர்) – (தாய் பெயர்)

தாய்மாமன் சீர்
(மூத்த மாமா – அத்தை), ஜொகூர் பாரு
(இளைய மாமா – அத்தை), சிங்கப்பூர்

மண்டபம்: (பெயர், புளோக் எண், மாடி, சாலை, ஆறு இலக்க அஞ்சல் குறியீடு)
அருகிலுள்ள எம்ஆர்டி நிலையம்: (பெயர்)
தொடர்புக்கு: (ஒரு பெயர், ஒரு எண்)

சில இடங்களுக்குக் காரணம் சொல்கிறேன். ‘வாழ்த்துமாறு’ என்றதோடு நிறுத்தியிருக்கிறேன். ‘மலர்ந்த மொட்டு’, ‘பருவ மங்கை’, ‘கன்னிப் பெண்’ என்று கவிதை வரிகள் சேர்க்கச் சொல்லி நிறையப் பேர் கேட்கிறார்கள். எழுதுகிறவருக்கு அது அழகு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு, பக்கத்து வீட்டு அண்ணன் அதைச் சத்தமாகப் படிக்கும்போது கூச்சம். கவிதை கட்டாயம் வேண்டும் என்றால் வாழ்த்தாக இருக்கட்டும், கல்வி, நலம், நீடு வாழ்க என்று. அவள் தோற்றத்தையோ பருவத்தையோ பாட வேண்டாம்.

‘சைவ விருந்து’ என்று வெளிப்படையாகப் போட்டது, வருகிறவர்களில் பல இனத்தவர் இருப்பதால். கோயில் மண்டபம் என்றால் சைவம்தான், தமிழருக்குச் சொல்லாமலே தெரியும். மலாய் நண்பர் ஹலாலா என்று கேட்கத் தயங்குவார், அட்டையே சொல்லிவிட்டால் நல்லது. சமூக மன்ற மண்டபத்தில் அசைவம் பரிமாறுகிறீர்கள் என்றால் அதையும் எழுதுங்கள்.

தொடர்புக்கு ஒரே எண். அந்த எண் அம்மாவுடையதாகவோ அப்பாவுடையதாகவோ இருக்கக் கூடாது, அன்று அவர்கள் கையில் கைப்பேசியே இருக்காது. சித்தப்பாவோ அண்ணனோ சரி.

மண்டபத்தின் பெயர் மட்டும் போட்டு அஞ்சல் குறியீட்டை விட்டுவிடாதீர்கள். டாக்சி ஓட்டுநர் கேட்பது அந்த ஆறு எண்களைத்தான். புளோக் கீழ்த்தளத்தில் விழா என்றால் எந்தப் பக்கம் என்பதையும் போடுங்கள்: கார் நிறுத்துமிடம் பக்கமா, விளையாட்டு இடம் பக்கமா என்று.

6. எல்லாருக்கும் தெரிய வேண்டாததைத் தனிச் சீட்டில் எழுதுங்கள்

மண்டபத்தில் விழா 10 மணிக்கு. ஆனால் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது அன்று காலையிலேயே வீட்டில். அது பெண்கள் மட்டும் கூடுகிற இடம். அதைப் பொது அட்டையில் போட்டுவிட்டு, அலுவலக நண்பர் ஒருவர் காலை எட்டு மணிக்குப் பழத்தட்டோடு வீட்டு வாசலில் வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். அவரும் நெளிந்தார், வீட்டாரும் நெளிந்தார்கள்.

அதற்கு ஒரு சின்னச் சீட்டு அச்சடித்து, நெருங்கிய உறவுப் பெண்களுக்குக் கொடுக்கும் அட்டையில் மட்டும் செருகுங்கள்:

“அன்று காலை 8.00 மணிக்கு இல்லத்தில் மஞ்சள் நீராட்டு. பெண்கள் மட்டும் கூடும் நிகழ்ச்சி. (வீட்டு முகவரி)”

‘சுமங்கலிகள் மட்டும்’ என்று எழுதாதீர்கள். முறை அதுதான் என்றாலும் அச்சில் அதைப் படிக்கிற அத்தை ஒருவர் இருப்பார், பெண்ணைத் தூக்கி வளர்த்தவராகக்கூட இருப்பார். தண்ணீர் ஊற்றவும் நலங்கு வைக்கவும் ஐந்து பேரோ ஏழு பேரோ வேண்டும் என்றால் அவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். மற்றவர்களை ஒதுக்க அச்சு வேண்டாம்.

7. மொய், சீர், அன்பளிப்பு: ஒரே வரியில் முடிக்கப் பார்க்காதீர்கள்

அன்பளிப்பு வேண்டாம் என்று நினைத்தால் ‘தங்கள் வருகையே எங்களுக்குப் பரிசு’ என்று எழுதுகிறார்கள். படிக்கிறவருக்கு அது மரியாதைப் பேச்சா, உண்மையிலேயே வேண்டாமா என்று தெரியாது. பாதிப் பேர் உறையோடு வருவார்கள், பாதிப் பேர் வெறுங்கையோடு வந்து மற்றவர் கையைப் பார்த்துக் கூசுவார்கள். வாசலில் மொய்ப் பெட்டியும் இருந்துவிட்டால் இன்னும் மோசம்.

வேண்டாம் என்றால் “அன்பளிப்புகளைத் தவிர்க்க வேண்டுகிறோம்” என்று நேரே எழுதுங்கள், பெட்டியையும் வைக்காதீர்கள். வேண்டும் என்றால் எதையுமே எழுத வேண்டாம். அட்டையில் இல்லாவிட்டால் வழக்கப்படி செய்வார்கள்.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. என் சொந்தக்காரர் வீட்டு அட்டையில் நானே அந்தத் தவிர்க்க வேண்டும் வரியை எழுதினேன். அப்பாவின் தங்கை அதற்குள் பட்டுப்புடவையும் பதினொரு தட்டும் ஏற்பாடு செய்திருந்தார். அட்டையைப் பார்த்துவிட்டு, “என் சீரையும் சேர்த்துத்தான் வேணாம்னு சொல்றாங்களா?” என்று இரண்டு நாள் பேசவில்லை. தப்பு என்னுடையது. இப்போதெல்லாம் அந்த வரியை இப்படி எழுதுகிறேன்: “உறவுமுறைச் சீர் தவிர, பிற அன்பளிப்புகளைத் தவிர்க்க வேண்டுகிறோம்.”

8. தமிழ் படிக்காதவர்களுக்கு மொழிபெயர்க்காதீர்கள், புதிதாக எழுதுங்கள்

பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம், அலுவலகத்து மலாய்த் தோழி, தமிழ் படிக்கத் தெரியாத நம் பிள்ளைகளின் தலைமுறை, எல்லாருக்கும் ஆங்கில அட்டை வேண்டும். தமிழ் வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் சரியாக வராது. குறிப்பாக ‘பியூபர்ட்டி’ என்ற சொல் உயிரியல் பாடப் புத்தகத்துச் சொல். ‘கமிங் ஆஃப் ஏஜ் செரிமனி’ என்று போட்டு, அதன் அடியில் தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் போடுங்கள். கேட்க நாகரிகமாகவும் இருக்கும், பொருளும் விளங்கும்.

தமிழருக்குச் சொல்லத் தேவையில்லாத மூன்று செய்திகள் இந்த அட்டையில் வேண்டும். என்ன நடக்கும் என்று இரண்டு வாக்கியம்: மாமாக்கள் தட்டுகளில் சீர் கொண்டு வருவார்கள், பெரியவர்கள் சந்தனம் குங்குமம் வைத்து வாழ்த்துவார்கள், பிறகு சாப்பாடு. அடுத்தது உடை: வண்ண உடையில் வரலாம், கறுப்பு வேண்டாம், கோயில் மண்டபம் என்றால் காலணியை வெளியே விட வேண்டும். மூன்றாவது நேரம்: எத்தனை மணிக்கு வந்தால் போதும். முழுவதும் உட்கார வேண்டுமோ என்று தயங்குகிறவர்கள் உண்டு, 11.15க்கு வந்தால் வாழ்த்திவிட்டுச் சாப்பிடலாம் என்று எழுதினால் நிம்மதியாக வருவார்கள்.

உறை கொடுக்கலாமா என்று அவர்கள் உங்களை வாய்விட்டுக் கேட்பார்கள். சீனர்களுக்குச் சிவப்பு ஆங்பாவ் பழக்கம், அப்படியே கொடுக்கட்டும். அட்டையில் ஏற்ற வேண்டாம்.

9. அச்சுக்குப் போகுமுன் சரிபார்ப்பு

திரையில் பார்த்துச் சரி சொல்லாதீர்கள், தாளில் எடுத்து ஒருவர் சத்தமாகப் படிக்க இன்னொருவர் கேளுங்கள். நான் அடிக்கடி பிடிக்கும் பிழைகள் சிலவற்றைச் சொல்கிறேன். ‘அழைப்பிதல்’ என்று வரும், ‘அழைப்பிதழ்’ என்பதே சரி. ‘பூபுனித’ என்று ஒற்றெழுத்து விட்டுப்போகும். தேதியும் கிழமையும் ஒத்துவராது. பழைய அட்டையிலிருந்து நகல் எடுத்த அடையாளம் அது. பழைய தமிழ் வருடப் பெயரும் அப்படித்தான் தங்கிவிடும். சித்திரை பிறந்த பிறகு நடக்கும் விழாவுக்குப் புது வருடப் பெயர் வர வேண்டும். மேலே உள்ள எடுத்துக்காட்டில் 2026 ஏப்ரலில் விசுவாவசு முடிந்து பராபவ பிறக்கிறது.

வடிவமைப்பவர் கோப்பை மாற்றும்போது சில எழுத்துருக்களில் கொம்பும் காலும் பிரிந்து ‘பொ’ என்பது துண்டுதுண்டாக நிற்கும். ‘ஸ்ரீ’யும் உடையும். பெயர்களில் அந்த எழுத்துகள் இருந்தால் கடைசிக் கோப்பில் மறுபடியும் பாருங்கள், முதல் மாதிரியில் சரியாக இருந்தது என்று விடாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு படமும் தயார் செய்வீர்கள். அதில் வீட்டு முகவரியோ தண்ணீர் ஊற்றும் நேரமோ இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஊரிலிருந்து நேரலையில் பார்க்கப்போகிற உறவுக்கு அனுப்பும் செய்தியில் ‘சிங்கப்பூர் 10.30, இந்தியா 8.00’ என்று இரண்டு நேரத்தையும் சேருங்கள்.

10. கொடுக்கும் வரிசை

மூன்று வாரத்துக்கு முன் அட்டை கையில் இருந்தால் போதும். முதல் அட்டை சாமிக்கு, இரண்டாவது தாய்மாமனுக்கு. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் குங்குமம் வைத்து நேரில் போய்க் கொடுங்கள், ஜொகூராக இருந்தாலும் சரி. அதற்கு முன் வாட்ஸ்அப் படம் ஒருவருக்கும் போகக் கூடாது. மாமா தன் மருமகளின் அழைப்பைக் குடும்பக் குழுவில் முதலில் பார்த்தால், பிறகு தாம்பாளத்தோடு போய் நிற்பதில் பாதி அர்த்தம் போய்விடும்.

அச்சான பிறகு பிழை கண்ணில் பட்டால், நேரமோ இடமோ தவறு என்றால் மட்டும் அட்டையை மறுபடி அடியுங்கள். பெயரில் ஒரு எழுத்து என்றால் அந்தப் பெயருக்குரியவரிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அவர் அட்டையில் மட்டும் கையால் திருத்திக் கொடுத்தால் பெரும்பாலும் சிரித்துவிட்டு வாங்கிக்கொள்வார்.